அக்காவுக்கு மனப்பாடமான அறிவிப்பு

என் அக்கா வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் மூன்று வரிக்கு மேல் வராது. சொந்தக்காரர் வீட்டு விருந்தில் எல்லோரும் இலையைப் பற்றியும் சாம்பாரைப் பற்றியும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "சாப்பிட்டாச்சு. நல்லா இருந்துச்சு. கிளம்பறோம்" என்பார். எங்கள் அம்மாவுக்கு ஆரம்பத்தில் இந்த மாப்பிள்ளைக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ என்று சந்தேகம். பிறகுதான் தெரிந்தது, மனிதருக்குத் தொழிலே அப்படி.

புனிதத் தலங்களுக்குக் கூட்டமாக ஆட்களை அழைத்துப் போகிற ஒரு நிறுவனத்தில் மாமா டூர் லீடர். நூறு பேருக்குக் குறைந்து கூட்டம் சேராது. கொடியைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போவார். கடைசியில் வருகிறவன் நான். கழிப்பறையில் இருப்பவர், செருப்பு அறுந்தவர், வளையல் கடையில் பேரம் பேசுகிறவர், போட்டோ எடுக்கிறவர் எல்லோரையும் பொறுக்கிக்கொண்டு வருவது என் வேலை. கூட்டத்தில் எனக்கு 'வால்' என்று பெயர். மச்சானை வாலாக வைத்துக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

மாமாவும் ஒரு காலத்தில் நீளமாகத்தான் அறிவித்துக்கொண்டிருந்தாராம். தண்ணீர் பாட்டில், மாத்திரை, நகை, செல்போன் என்று எல்லாவற்றையும் பற்றி மைக்கில் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். முடித்து மைக்கைக் கீழே வைத்ததும் முதல் வரிசையில் நின்றவரே வந்து, "சார், நாங்க எந்தக் கோச்சு?" என்று கேட்பார். அப்படிக் கேட்டுக் கேட்டு நொந்துபோய்த்தான் வெட்ட ஆரம்பித்தார். எந்தப் பெட்டி, வண்டியில் எந்தப் பக்கம், எங்கே கூடி நிற்க வேண்டும். இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் மைக்கில் சொல்வதில்லை.

மூன்று வரியையாவது கேட்பார்களா? அதுவும் இல்லை. அவர் பேசுகிற நேரம் பார்த்துத்தான் ஒருவர் பையை எண்ணுவார். ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம் "என்ன சொல்றாரு?" என்பார். அந்த அம்மா திரும்பி "தெரியலையே" என்பார். இரண்டு பேருக்கும் விட்டுப்போகும். பிறகு வாலைத் தேடி வருவார்கள். "தம்பி, எங்களுக்கு மட்டும் இன்னொரு தடவ சொல்லுப்பா." நூறு பேருக்கும் மட்டும் இன்னொரு தடவை சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போகும். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்து எனக்கு மிச்சமான சொத்து அந்தக் கட்டைக் குரல்தான்.

அந்த மூன்று வரியைக் கேட்டவள் ஒருத்தி உண்டென்றால் அது என் அக்கா. கிளம்புவதற்கு முந்தைய நாள் பெட்டி எண்கள் கைக்கு வந்துவிடும். மாமா சமையலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். "நடைமேடையின் மேற்குப் பகுதி" என்று ஒருமுறை சொன்னார். "மேற்கு எதுன்னு அங்க யாருக்குங்க தெரியும்? படிக்கட்டுன்னு சொல்லுங்க" என்றாள். இன்னொரு முறை "டீக்கடை அருகில்" என்றார். "எத்தன டீக்கடை இருக்கும்! அதுல ஒண்ணு அன்னைக்கு மூடியிருக்கும். அசையாததா ஒண்ணு சொல்லுங்க." அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மாமா திருத்திக்கொண்டு மறுபடி சொல்வார். அவள் "ம்" என்றால்தான் எழுந்து கை கழுவுவார்.

இத்தனை சொல்லிக்கொடுத்தவள் ஒரு டூருக்கும் போனதில்லை. ஒருமுறை பெண்ணுக்குப் பரீட்சை. ஒருமுறை மாமியாருக்குக் கால் வீக்கம். மற்ற நேரமெல்லாம் இடம் நிரம்பிவிட்டது. "அடுத்த தடவ பாக்கலாம்" என்பார் மாமா. அது மட்டும் ஒரே வரி. அக்காவுக்கு ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. மாமா கூட்டத்தை அழைத்துப் போகிற அந்த மலைக்கோயிலுக்குப் போக வேண்டும், மேலே அவரோடு சேர்ந்து ஒரு தடவை நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதை அவள் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன். "ஊரையே கூட்டிட்டுப் போறாரு. நான் ஊர்ல சேத்தி இல்லையா?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பெண் கல்யாணமாகிப் போன பிறகு, அந்த மலைக்கோயில் டூர் ஒன்றில் கடைசி நேரத்தில் ஒரு அம்மா வரவில்லை என்று சொல்லிவிட, முதலாளி அந்த இடத்தை அக்காவுக்குக் கொடுத்தார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் பை வாங்கினாள். அன்றைய ஒத்திகையிலும் குறை வைக்கவில்லை. ஒன்பதாம் பெட்டியில் அவளுக்கும் ஒரு படுக்கை இருந்ததால் இன்னும் அக்கறையாகத் திருத்தினாள். கடைசியில் நிலைத்து நின்ற அறிவிப்பு இது: "நம்ம பெட்டி ஏழு, எட்டு, ஒன்பது. மூணும் முன்பக்கம் வரும். எல்லாரும் மேம்பாலப் படிக்கட்டுக் கீழ கூடணும்." மாமா அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் அவளுக்கும் மனப்பாடம், எனக்கும் மனப்பாடம்.

மறுநாள் பஸ்களில், ரயிலேற வேண்டிய பெரிய ஸ்டேஷனுக்கு வந்து, எதிரே இருந்த விடுதிக் கூடத்தில் எல்லோரும் குளித்துச் சாப்பிட்டோம். மாமா மட்டும் ஸ்டேஷனுக்குள் போய் விசாரித்துவிட்டு வந்தார். எந்த ஊரானாலும் அதைச் செய்யாமல் மைக்கைத் தொட மாட்டார். திரும்பி வரும்போது முகம் கடுகடுவென்று இருந்தது. அன்று ரயிலின் பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வருகின்றனவாம். முன்பக்கம் இருக்க வேண்டிய எங்கள் மூன்று பெட்டியும் வாலுக்குப் போய்விட்டன. அந்த ஸ்டேஷனில் வண்டி நிற்பதோ கொஞ்ச நேரம். நடைமேடையின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடிக்கு ஓட முடியாது.

மாமா கூடத்தின் நடுவில் நாற்காலி மேல் ஏறி நின்று மைக்கைப் பிடித்தார். "நம்ம பெட்டி ஏழு, எட்டு, ஒன்பது. மூணும் கடைசிப் பக்கம் வரும். எல்லாரும் பார்சல் ஆபீஸ் வாசல்ல கூடணும்." வழக்கம்போலப் பாதிப் பேர் பையை எண்ணினார்கள். முதல் வரிசையில் அக்கா நின்றிருந்தாள். புதுச் சேலை, முகம் கொள்ளாத சிரிப்பு. மாமா பேசப் பேச அவள் உதடும் கூடவே அசைந்தது. மாமா அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவள் ஒருத்தியாவது ஒழுங்காகக் கேட்கிறாள் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் சொல்லிக்கொண்டிருந்தது நேற்றுச் சமையலறையில் கேட்டதை என்று யாருக்குத் தெரியும்?

அதோடு விட்டாளா? அவளைச் சுற்றி ஒரு பெண்கள் கூட்டம் சேர்ந்திருந்தது. லீடர் வீட்டம்மா என்றால் சும்மாவா? "நீங்க ஏன் கவலப்படறீங்க? எனக்கு எல்லாம் மனப்பாடம். என் பின்னாடி வாங்க" என்று சொல்லியிருக்கிறாள். சந்தேகப்பட்ட ஒரு பாட்டி, "பார்சல் ஏதோ சொன்னாரேம்மா" என்றதற்கு, "அது சாமான் போடறவங்களுக்கு" என்று விளக்கமும் கொடுத்திருக்கிறாள்.

நான் கடைசி ஆட்களைக் கழிப்பறையிலிருந்து மீட்டுக்கொண்டு பார்சல் ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது ஒன்பதாம் பெட்டிக்குப் பொறுப்பான ரிட்டயர்டு பேங்க்காரர் விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஒருவர் உண்டு. ஏறுமுன் தன் ஆட்களை எண்ணிச் சொல்ல வேண்டும்.

"ஆள் குறையுது தம்பி. லேடீஸ் ஒரு பத்துப் பன்னெண்டு பேரு இல்ல. லீடர் வீட்டம்மாவும் இல்ல."

"அக்காவா? அவ எப்படி இல்லாம போவா?" என்று போன் அடித்தேன். மணி மாமாவின் தோள்பையிலிருந்து கேட்டது. கூட்டத்தில் திருட்டுப் போய்விடும் என்று பத்திரமாகக் கொடுத்து வைத்திருக்கிறாள். மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"படிக்கட்டு" என்றார்.

ஓடினேன். இருபது பெட்டிக்கு மேல் நிற்கிற நடைமேடை. பெட்டி எண் காட்டும் பலகைகளில் ஒன்றும் எரியவில்லை. எரிந்திருந்தால் அவர்களில் யாராவது பார்த்திருப்பார்கள். மேம்பாலப் படிக்கட்டுக் கீழே மின்விசிறிக் காற்றில் பைகளை வட்டமாக அடுக்கி, நடுவில் என் அக்கா. அன்று ஒருவர்கூடக் குறையாமல் ஒழுங்காகக் கூடி நின்ற கூட்டம் அது ஒன்றுதான். என்ன பிரயோஜனம்?

"இங்க என்னக்கா பண்றீங்க!"

"நீ எங்கடா போன? மாமாவயும் காணோம், மத்தவங்களயும் காணோம். சொன்ன இடத்துக்கு ஒருத்தரும் வரல பாரு. இதுக்குத்தான் தொண்ட கிழிய கத்தறாரா?" என்று அவள் என்னைக் கடிந்துகொண்டாள். அந்த நேரத்தில் இன்ஜின் எங்களைத் தாண்டிப் போய் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் எதிரே நின்றவை முன்பதிவில்லாத பெட்டிகள். கால் வைக்க இடமில்லை, உள்ளே இருந்து மற்றப் பெட்டிகளுக்கு வழியும் கிடையாது. அவற்றைத் தாண்டி இருக்கிற முதல் படுக்கைப் பெட்டியில் ஏறிவிட்டால் போதும், உள்ளேயே நடந்து ஒன்பதுக்குப் போய்விடலாம். "பையத் தூக்குங்க, பின்னால வாங்க" என்று கத்தினேன். ஓடத் தெரியாதவர்களையெல்லாம் ஓட வைத்தேன். அக்காவுக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது.  பாட்டியின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பாட்டியைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே வந்தாள். கதவில் நின்று ஒவ்வொருவராக ஏற்றினோம். முட்டி வலிக்காரி ஒருத்தியை நான் கீழிருந்து தள்ள, அக்கா உள்ளிருந்தவர்களிடம் "இழுங்க, இழுங்க" என்றாள். எல்லோரும் ஏறியாயிற்று. அவள் பாட்டியின் பையை உள்ளே போட்டாள். வண்டி நகர்ந்தது.

அவள் கம்பியில் கை வைத்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டேன். நகர்கிற வண்டியில் யாரையும் ஏற்றக் கூடாது, யார் விட்டுப்போனாலும் வால் அவர்களோடு தங்க வேண்டும். இது மாமா போட்ட சட்டம். கூட்டத்தோடு லீடர் போக வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

எங்கள் பெட்டிகள் வாலில் இருந்ததால் எல்லாமே எங்களைத் தாண்டித்தான் போயின. ஒன்பதாம் பெட்டியின் வாசலில் கொடியோடு மாமா நின்றிருந்தார். அதற்குள் வண்டி வேகமெடுத்துவிட்டது. அக்காவைப் பார்த்தார். வாய் திறந்தது. அவரிடமிருந்து அரை வரிகூட வரவில்லை. வண்டி போய்விட்டது.

அக்கா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ரயில்காரர்களை, பலகையை, கூட்டத்தை, பாதியில் அவளையும். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாத்திச் சொன்னாரா?" என்றாள்.

"மைக்குல சொன்னாரேக்கா. நீ முன்னாலதானே நின்ன? வாய் வேற அசஞ்சுது."

"அது ஊருக்குச் சொன்னதுடா. எனக்குச் சொல்லல."

"எல்லாருக்கும் சேத்துத்தானே சொல்லுவாரு?"

"அவரு சொல்லி நான் மைக்குல கேட்டது இன்னைக்குத்தான்டா முதல் தடவ. எனக்குச் சொல்றதெல்லாம் அடுப்படியில சொல்லிடுவாருன்னு இருந்துட்டேன். மாத்தறப்ப, இவளுக்குப் பழசுதானே தெரியும், கிட்டப் போய் ஒரு வார்த்த சொல்லுவோம்னு தோணல பாரு." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாமா என் போனுக்கு அழைத்தார். "பன்னெண்டு பேரும் வந்து சேந்துட்டாங்க. அடுத்த வண்டி சாயங்காலம். அதுல வாங்க." நான் போனை அக்காவிடம் நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வண்டி என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். கூட்டத்துக்குத் தரிசன அனுமதி விடிந்ததும். நாங்கள் போய்ச் சேருவதற்குள் அவர்கள் மேலே போய் இறங்கியிருப்பார்கள்.

அப்படித்தான் ஆயிற்று. இருக்கை கிடைக்காமல் முக்கால்வாசி தூரம் நின்றுகொண்டே பயணம் செய்து மறுநாள் மலையடிவாரத்துக்குப் போனால், எங்கள் கூட்டம் பஸ் நிறுத்தத்தில் பிரசாதப் பையும் கையுமாக நிற்கிறது. பஸ்கள் வரிசையாகத் தயார். அடுத்த ஊரில் தங்க வேண்டிய இடம் காத்திருக்கிறது. மாமா எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீ அங்க நிக்கறன்னு..." என்று ஆரம்பித்தார். 

"எந்த பஸ்ஸு?" என்று அக்கா கேட்டாள்.

"மூணாவது."

"எப்பக் கெளம்பும்?"

"இப்பவே."

"சரி, கெளம்புங்க. நான் மேல போயிட்டு வரேன்."

"அதுக்கெல்லாம் நேரம் இல்லம்மா. பெரிய வரிசையா இருக்கு."

"உங்க கூட்டத்துக்கு நேரமில்ல. எனக்கு இருக்கு. தரிசனம் முடிஞ்சதும் நான் வண்டியப் புடிச்சு வீட்டுக்குப் போயிக்கறேன். வீட்டுல பாப்போம்."

டிரைவர் ஹாரன் அடித்தார். மாமா என்னைப் பார்த்து, "நீ அக்காகூடப் போ" என்றார். அக்கா திரும்பினாள். "அவன் எதுக்கு? நான் உங்களோட போகணும்னுதான் வந்தேன். இல்லேன்னா தனியாவே போறேன். உங்க கொடியப் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸுல ஏறுங்க." தன் செல்போனை அவர் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

மாமா கொடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பஸ் ஜன்னல்களில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த தலைகளைப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. போய்யா, யார் எக்கேடு கெட்டால் என்ன, போ என்று கத்தத் தோன்றியது. அவர் பஸ்ஸில் ஏறினார். நூறு பேர் பொறுப்பு அவர் தலையில் இருந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால் கோபம் குறைந்துவிடுமா என்ன? அக்கா படியேறுகிற கூட்டத்தில் கலந்து போனாள். பஸ் திரும்புகிறவரை மாமா ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

எங்களுக்கு முன்னால் அவள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள். தரிசனம் எப்படி என்று கேட்டதற்கு, "போனேன். பாத்தேன். வந்தேன்" என்றாள். மாமாவின் பாணி அவளுக்கும் ஒட்டிக்கொண்டது என்று நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

அடுத்த டூருக்கு முந்தைய நாள் மாமா பழக்கதோஷத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அக்கா மிக்ஸியைப் போட்டாள். அவர் நிறுத்திக் காத்திருந்தார். அவள் மிக்ஸியை நிறுத்தினாள். அவர் தொடங்கினார். மறுபடி போட்டாள். "இன்னும் என்ன அரைக்கற?" என்று கேட்டார்.

"இங்க சொல்றது என்ன நெசமா? அங்க போய் மாத்திடப் போறீங்க. பொய்யக் கேட்டு நான் எதுக்குங்க 'ம்' போடணும்?"

மாமா எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அந்த மூன்று வரியை என்னிடம்தான் சொல்லிப் பார்த்தார். எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அதனால் என்னை வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த டூரிலிருந்துதான் எனக்குப் புதுத் தலைவலி ஆரம்பித்தது. எந்த ஸ்டேஷன் ஆனாலும் மாமா உள்ளே போய் விசாரித்துவிட்டு வருவார். கூட்டம் வெயிலில் காத்துக்கொண்டிருக்கும். மைக்கை எடுப்பார், சரி, சொல்லப்போகிறார் என்று நான் ஆட்களை அடக்குவேன். அவர் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்து வீட்டுக்கு அழைப்பார். அங்கே அவள் துணி மடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் இந்த ரயிலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குச் சொல்வார்.

போன வாரம் ஒரு ஸ்டேஷனில் நடைமேடையே மாறிவிட்டது. நூற்றுச் சொச்சம் பேர் படியேறி அந்தப் பக்கம் போக வேண்டும். வண்டி முந்தைய ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிவிட்டது என்று ஒலிபெருக்கி சொல்கிறது. எல்லோரும் என்னைப் பிடித்து உலுக்குகிறார்கள். இவர் ஒரு தூணோரம் நின்று போனில், "மூணாவது பிளாட்ஃபாரம் இல்ல, அஞ்சு. பெட்டி நாலு, அஞ்சு, ஆறு. தண்ணித் தொட்டி கிட்ட கூடணும்" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"மாமா, வண்டி வருது! அக்கா என்ன அங்கேருந்து ஏறப்போறாளா?" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி அமர்த்தினார்.  போனில் அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

"முன்பக்கமா, கடைசிப் பக்கமா? அதச் சொல்லவே இல்லையே நீங்க."